எல்.எல்.ஆர். வினா வங்கி: ஒரே அம்புக்குறி, மூன்று அர்த்தம்

பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர். தேர்வில் 60 சதவீதம் சரியா இருந்தா பாஸ். ஆனா பலர் வினா வங்கியை முதல் கேள்வியிலிருந்து மனப்பாடம் பண்ணுறாங்க. படம் கொஞ்சம் மாறி வந்தா தடுமாறுறாங்க. கேள்விகளை இரண்டு பகுதியாகப் பிரித்துப் படித்தால் இந்தச் சிக்கல் வராது.

பகுதி 1: சாலைக் குறியீடுகள்

அம்புக்குறியைப் பார்க்கும் முன் வெளி வடிவத்தைப் பாருங்கள். வட்டம் என்றால் உத்தரவு, சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல்.

கேள்வி: இடதுபக்கம் காட்டும் அம்பு. என்ன பொருள்?
பதில்: நீல வட்டத்துக்குள் வெள்ளை அம்பு இருந்தால், இடதுபக்கம்தான் திரும்ப வேண்டும். சிவப்பு விளிம்பு வட்டத்துக்குள் அம்பின் மேல் குறுக்குக் கோடு இருந்தால், இடதுபக்கம் திரும்பவே கூடாது. முக்கோணத்துக்குள் வளைந்த அம்பு இருந்தால், முன்னால் இடது வளைவு வருகிறது, வேகத்தைக் குறைக்கணும். ரோட்டில் இதை மாற்றிப் புரிந்துகொண்டால் ஒருவழிப் பாதையில் எதிரே போய் நிற்போம்.

கேள்வி: சிவப்பு விளிம்புள்ள நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு, இன்னொன்றில் பெருக்கல் குறி. வித்தியாசம் என்ன?
பதில்: ஒரு கோடு என்றால் வண்டியை பார்க்கிங் செய்யக் கூடாது, ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். பெருக்கல் குறி என்றால் அதற்குக்கூட நிறுத்தக் கூடாது.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. எண்கோணம் 'நில்', தலைகீழ் முக்கோணம் 'வழி விடு'. வட்டமாக இல்லாவிட்டாலும் இவையும் உத்தரவுதான்.

பகுதி 2: போக்குவரத்து விதிகள்

இங்கே படம் உதவாது. எப்போது விதி மாறுகிறது என்பதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: சிக்னலில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. என்ன செய்வீர்கள்?
பதில்: முழுசா நிறுத்தி, இருபுறமும் பார்த்து, பாதுகாப்பு என்றால் மட்டும் போகணும். மஞ்சள் விட்டு விட்டு எரிந்தால் நிற்க வேண்டியதில்லை. வேகம் குறைத்து கவனமாகப் போகலாம்.

கேள்வி: முன்னால் போகும் வண்டியை இடதுபக்கமாக முந்தலாமா?
பதில்: பொதுவாக வலதுபக்கம்தான் முந்தணும். ஆனால் முன்னால் இருப்பவர் வலதுபக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டு, ரோட்டின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டால், இடதுபக்கமாகக் கடக்கலாம்.

பயிற்சியில் தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'வடிவம்' அல்லது 'விதிவிலக்கு' என்று எழுதிவையுங்கள். எது அதிகமாக வருகிறதோ, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படித்தால் போதும்.