வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு? ஃபைபர், கேபிள், ஏர்ஃபைபர்: ஓர் ஒப்பீடு



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் வீடுகளில் இணைய இணைப்பு முதலில் வேண்டியிருப்பது இரண்டு காரியங்களுக்கு: வெளிநாட்டில் இருப்பவருடன் வீடியோவில் பேசுவது, பிள்ளைகளின் படிப்பு. இந்த இரண்டும் நடக்கும் நேரத்தைக் கவனியுங்கள். சவூதியில் மாலை 6 மணிக்கு வேலை முடித்து ஒருவர் அழைத்தால் நமக்கு இரவு எட்டரை மணி. இஷா முடிந்து பிள்ளைகள் பாடம் பார்க்க அமரும் நேரமும் அதுவே. தெருவில் எல்லா வீடுகளும் டிவியும் போனுமாக இருக்கும் நேரமும் அதுவே. ஆகவே காலை 11 மணிக்கு வேகமாக ஓடும் இணைப்பு நமக்குப் போதாது. இரவு 8 முதல் 11 வரை ஓடும் இணைப்புதான் வேண்டும்.

விளம்பரத்தில் உள்ள பெயரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் ஃபைபர் இருந்தாலும், வீட்டுக்கு ஃபைபர் கம்பி வருவதில்லை. 'ஃபைபர் நெட்' என்று சொல்லித் தரப்படும் சில இணைப்புகளில் ஃபைபர் தெருமுனைப் பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பிதான் வரும். எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கடைசி இருநூறு, முந்நூறு மீட்டர் தூரம் இணையம் எதன் வழியாக நம் சுவருக்கு வருகிறது?

சுவருக்கு வருவது எது?

வீட்டுக்குள் வரும் கம்பியின் நுனியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெல்லிய கம்பி, நுனியில் பச்சை அல்லது நீல நிறச் சதுர பிளக் இருந்தால் அது உண்மையான ஃபைபர். டிவி கேபிளைப் போன்ற தடித்த கம்பி, திருகி மாட்டும் நுனியுடன் வந்தால் அது கேபிள் இணைப்பு. கம்ப்யூட்டரில் மாட்டும் சிறிய கண்ணாடி போன்ற பிளக்குடன் தெருப்பெட்டியிலிருந்து நேராக வந்தால், அது தெருமுனை வரை ஃபைபர், பிறகு செம்பு. மொட்டை மாடியில் ஒரு வெள்ளைப் பெட்டியை டவரைப் பார்த்து மாட்டி, அதிலிருந்து கம்பி இறங்கினால் அது காற்றுவழி இணைப்பு.

ஃபைபர்

ஃபைபரில் ஓடுவது ஒளி. ஆபரேட்டரின் அறையிலிருந்து வரும் ஓர் இழையை வழியில் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குத் தருகிறார்கள். நம் ஊர்களில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் அந்த ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு இறக்கத்துக்குச் சுமார் 2,500 எம்பிபிஎஸ், ஏற்றத்துக்குச் சுமார் 1,250. 64 வீடுகளும் ஒரே நொடியில் முழுமையாக இழுத்தாலும், வீட்டுக்குச் சுமார் 39 எம்பிபிஎஸ் இறக்கமும் 19 எம்பிபிஎஸ் ஏற்றமும் கிடைக்கும். வீடியோ அழைப்பில் நம் முகம் அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிவது ஏற்ற வேகத்தால்தான்.

இன்னொரு நன்மை, வழியில் உள்ள பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளிலும், ஆபரேட்டரின் அறையில் பேட்டரியும் நம் ரவுட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ்ஸும் இருந்தால் இணைப்பு நிற்காது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலிலும் கண்ணாடி இழை வழியாக மின் அதிர்ச்சி வந்து ரவுட்டரை எரிக்காது.

ஃபைபருக்கு எதிரி வளைவும் அறுப்பும். கதவிடுக்கில் நசுங்கினாலோ, ஆணியில் இறுக்கிச் சுற்றினாலோ ஒளி கசிந்துவிடும். எலி கடிப்பது, உயரமான பாரம் ஏற்றிய லாரி தெருவின் குறுக்கே தொங்கும் கம்பியை இழுப்பது ஆகியவையும் உண்டு. பெட்டியில் LOS என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை, லைன்மேன்தான் வர வேண்டும். புதிதாக இணைக்கும்போது லைன்மேனிடம் உள்ள மீட்டரில் ஒளியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். -15 முதல் -24 dBm வரை இருந்தால் நல்லது. -27-ஐத் தொட்டால், இன்று ஓடினாலும் இன்னும் சிறிது ஒளி கசிந்தவுடன் விட்டுவிட்டு வரும்.

விளக்கு சரியாக எரிகிறது, ஒளியின் அளவும் சரி, ஆனால் இரவில் மட்டும் மெதுவாக இருக்கிறது என்றால் குறை உங்கள் கம்பியில் இல்லை. ஆபரேட்டர் மேலே வாங்கியிருக்கும் மொத்த வேகம் அவருடைய வீடுகளுக்குப் போதவில்லை. அதனால் ஃபைபர் என்பதே இரவு வேகத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

தமிழகத்தில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் பணியை தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் செய்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்திருப்பதும், உங்கள் தெருவில் அதை இழுத்துத் தர ஓர் ஆபரேட்டர் இருப்பதும் வேறு வேறு. விசாரிக்க வேண்டியது இரண்டாவதை.

கேபிள்

டிவி கேபிள் வழியாக வரும் இணையத்திலும், தெருப்பெட்டியிலிருந்து செம்பில் வரும் இணையத்திலும் பொதுவான குறை ஒன்று உண்டு: வழியில் உள்ள பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும், தெருமுனைப் பெட்டியில் கரண்ட் இருக்காது, இணையம் நின்றுவிடும். மின்னலின் அதிர்ச்சியும் செம்பு வழியாக வீட்டுக்குள் வரும். எனவே இடி இடிக்கும்போது மின் பிளக்கை மட்டுமல்ல, இணையக் கம்பியையும் கழற்றி வைக்க வேண்டும்.

டிவி கேபிள் முறையில் ஏற்றத்துக்கு ஒதுக்கிய பாதை மிகக் குறுகலானது. திருகு நுனி தளர்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால் இரைச்சல் முதலில் புகுவது அந்தப் பாதையில்தான். இதன் அடையாளம்: நீங்கள் பார்க்கும் படம் தெளிவாக இருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் 'உங்கள் குரல் வெட்டி வெட்டி வருகிறது' என்பார்.

கேபிளுக்கு உள்ள பலம் ஆபரேட்டர் அருகில் இருப்பதுதான். கூப்பிட்டால் அன்றே ஆள் வரும் ஆபரேட்டர் என்றால் அதற்கு மதிப்பு உண்டு. அவரிடமே 'வீடு வரை ஃபைபர் போட்டுத் தருவீர்களா?' என்று கேளுங்கள். பலர் இப்போது மாற்றி வருகிறார்கள்.

காற்றுவழி இணைப்பு

இந்தியாவில் ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ 2023 செப்டம்பரிலும் 5ஜி டவரிலிருந்து வீட்டுக்கு இணையம் தரும் சேவையைச் சில பெருநகரங்களில் தொடங்கின. கம்பி இழுக்க வழியில்லாத வயல்வெளி வீட்டுக்கும், ஒற்றை வீடாகக் கட்டிய புது மனைக்கும் இது நல்ல வசதி. லாரி அறுக்கத் தெருக்கம்பி இல்லை. டவர்களுக்குப் பேட்டரி இருப்பதால் சிறிது நேர மின்தடையையும் தாங்கும்.

ஆனால் அதே டவரை ஊரில் உள்ள செல்போன்களும் பகிர்கின்றன. இரவில் போன்கள் கூடும்போது வேகம் இறங்கும். ஏற்றம் இன்னும் அதிகமாக இறங்கும். இந்த அலை சுவரையும் மரக்கிளையையும் எளிதில் ஊடுருவாது. கோடையில் நன்றாக ஓடியது, எதிரில் மாடி கட்டிய பின் மெதுவாகிவிட்டது என்றால் காரணம் அதுதான். மாத அளவையும் பாருங்கள். பல திட்டங்களில் சுமார் 1,000 ஜிபி வரைதான் முழு வேகம்.

ஒரு வீட்டுக் கணக்கு

வெள்ளாற்றங்கரை ஊர் ஒன்றில் ஐந்து பேர் உள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அத்தா ரியாத்தில் இருக்கிறார். மகள் நீட் தேர்வுக்கு வீடியோ பாடம் பார்க்கிறாள். தம்பி போன் பார்ப்பான். வீட்டில் ஒரு டிவி.

இரவு ஒன்பது மணிக்கு எல்லாம் சேர்ந்து ஓடினால்: அழைப்புக்கு 2 எம்பிபிஎஸ், பாடத்துக்கு 3, டிவிக்கு 5, மற்ற போன்களுக்கு 5. மொத்தம் 15. ஆக, 30 எம்பிபிஎஸ் திட்டம் தாராளம். 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் கூடுதல் பணம் தேவையில்லை. நாளுக்கு ஐந்து மணி நேர வீடியோ, மணிக்கு இரண்டரை ஜிபி என்றால் மாதம் 375 ஜிபி. 1,000 ஜிபி வரம்பும் இவர்களுக்குப் போதும்.

விலைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்க்க வேண்டும். 399 ரூபாய்த் திட்டம் கைக்கு 471 ரூபாய். 599 ரூபாய்த் திட்டம் 707 ரூபாய். வித்தியாசம் மாதம் 236, வருடத்துக்கு 2,832 ரூபாய்.

இனி சோதனை. காற்றுவழி இணைப்பு என்றால், அதே நிறுவனத்தின் 5ஜி சிம் உள்ள ஒரு போனை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், மூன்று இரவுகள் ஒன்பது மணிக்கு வேகம் அளக்க வேண்டும். மாடிப் பெட்டியின் ஆன்டெனா போனை விடச் சற்று நன்றாகவே பிடிக்கும் என்றாலும், போக்கு தெரிந்துவிடும். இறக்கம் முதல் இரவு 45, அடுத்து 20, அடுத்து 8 என்றும், ஏற்றம் கடைசி இரவில் ஒன்றுக்குக் கீழும் வந்தால், அத்தாவின் அழைப்பு அந்த இணைப்பில் நிற்காது. ஃபைபர், கேபிள் என்றால், அதே ஆபரேட்டரிடம் இணைப்பு வாங்கியுள்ள அதே தெரு வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு அளக்கச் சொல்லுங்கள். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று அளக்க வேண்டும். பின்கட்டு அறையில் அளந்தால் அது வைஃபையின் குறையைத்தான் காட்டும்.

அந்த அளவுகள் சரியாக இருந்தால், இந்த வீட்டுக்கு ஃபைபரும் ஒரு சிறு யுபிஎஸ்ஸும் பொருத்தம். தெருவுக்கு ஃபைபர் வராமல் இருந்து, மூன்று இரவும் மாடியில் இறக்கம் 30-க்கு மேலும் ஏற்றம் 5-க்கு மேலும் வந்தால், காற்றுவழி இணைப்பையே தயங்காமல் வாங்கலாம்.

பணம் கொடுக்கும் முன்

ஆறு மாதம், ஒரு வருடம் முன்பணம் கட்டினால் இணைப்புக் கட்டணம் இல்லை என்பார்கள். முதல் மாதத்துக்கு மட்டும் கட்டி, இரவு நேரத்தைப் பார்த்த பிறகு நீண்ட திட்டத்துக்குப் போவது நல்லது. இணைப்புக் கட்டணமாகப் போகும் தொகை, ஓடாத இணைப்பில் மாட்டிக்கொள்ளும் ஆறு மாதப் பணத்தை விடக் குறைவு.

பெட்டி யாருக்குச் சொந்தம், முன்வைப்புத் தொகை எவ்வளவு, விலகினால் எப்போது திருப்பித் தருவார்கள் ஆகிய மூன்றையும் ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். பழுதானால் போனில் சொல்வதோடு நிற்காமல் புகார் எண் கேட்டுக் குறித்து வையுங்கள். அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பழைய இணைப்பைப் புதியது ஒரு வாரம் ஓடிய பிறகே துண்டியுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.