கன்றுக்கும் ஆட்டுக்கும் ஒரே சொறியா?

கேள்வி: எங்கள் கொட்டகையில் மூன்று கன்றுகளும் பத்து ஆடுகளும் நிற்கின்றன. ஆடுகளுக்குக் காதிலும் முகத்திலும் சொறி. கன்றுகளுக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டி, வட்டவட்டமாக வெள்ளை பூத்திருக்கிறது. சொறி கண்ட நான்கு ஆடுகளுக்கும் கன்றுகளுக்கும் ஐவர்மெக்டின் ஊசி போட்டோம். ஆடுகளுக்குக் குறைந்து, மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. கன்றுகளுக்குக் குறையவே இல்லை. இப்போது என் கையிலும் வட்டமாக அரிக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: உங்கள் கொட்டகையில் இருப்பது இரண்டு நோய் என்றே தோன்றுகிறது. ஆடுகளுக்கு வந்திருப்பது தோலுக்குள் குடையும் சிற்றுண்ணியால் வரும் சொறி. ஆடு ஓயாமல் கம்பத்தில் உரசும். தோல் தடித்துப் பொருக்குத் தட்டும். கன்றுகளுக்கு வந்திருப்பது படர்தாமரை, அதாவது பூஞ்சை. சாம்பல் அப்பியதுபோல் வட்டப் பொருக்கு இருக்கும், ஆனால் கன்று அவ்வளவாக உரசாது. உங்கள் கையில் உள்ள வட்டமும் இதையே காட்டுகிறது. கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஐவர்மெக்டின் பூஞ்சையைத் தொடாது. கன்றுகளுக்குக் குறையாததன் காரணம் அதுதான். ஆடுகளில் அது உண்ணியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்து வருவதை ஒழிக்க, 14 நாள் கழித்து இரண்டாவது ஊசி வேண்டும். ஒரு சதவீத மருந்தென்றால் 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்பது கணக்கு. 20 கிலோ ஆட்டுக்கு 0.4 மில்லி, தோலுக்கடியில். பார்க்க நன்றாயிருக்கும் ஆறு ஆடுகளையும் விடாமல் பத்துக்கும் ஒரே நாளில் போடுங்கள். பால் கறக்கும் ஆடு, சினை ஆடு இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

கன்றுகளின் பொருக்கை வெந்நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷால் தேய்த்து எடுத்து, உதிர்ந்ததை எரித்துவிடுங்கள். பிறகு போவிடோன் அயோடினை வட்டத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு, கண்ணில் படாமல், தினமும் தடவுங்கள். முடி முளைக்கத் தொடங்கும்வரை நிறுத்தாதீர்கள். கழிவு ஆயில் வேண்டாம். கன்று நக்கினால் அது விஷம்.

ஊசி போடும் நாளிலேயே கொட்டகையையும் பாருங்கள். பழைய படுக்கையை அள்ளி எரியுங்கள். மரக்கம்பத்திலும் தீவனத் தொட்டியிலும் ஒட்டிய பூஞ்சை வித்து வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாணம் போகத் தேய்த்துக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலை அடியுங்கள். அழுக்கின்மேல் அடித்தால் மருந்து வீணாகும். காயும்வரை கன்றையும் ஆட்டையும் உள்ளே விட வேண்டாம். கயிறு, பிரஷ் எல்லாம் கன்றுக்குத் தனி, ஆட்டுக்குத் தனி.

கையுறை போட்டே கன்றைத் தொடுங்கள். உங்கள் கைக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிப் பூஞ்சையைப் பரப்பிவிடும்.