கடன் பத்திர வட்டிக்கு வரம்பு கட்டுதல்

தஞ்சை ஜில்லாவில் குறுவை அறுவடையோ சம்பா அறுவடையோ நடைபெறுங் காலத்தில் ஊர்தோறும் நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறக்கப்படுவதை நம் மாணவருட் பெரும்பாலார் நேரிற் கண்டிருப்பர். குவிண்டாலுக்கு இன்ன விலை என்று சர்க்கார் முன்னரே அறிவித்து, அவ்விலைக்கு வரும் நெல்லை வாங்கிக்கொள்கிறது. நிலையம் செம்மையாய் நடக்குமாயின், வியாபாரி களத்துக்கு வந்து அதனினுங் குறைந்த விலை கேட்டால் உழவர் இணங்கார். ஆதலின் அந்நிலையம் தான் வாங்கிய மூட்டைகளின் விலையை மட்டுமன்றி, வாங்காத மூட்டைகளின் விலையையும் தாங்கி நிற்கிறது. சாக்கு இல்லை என்றோ, ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேற்பட்டதென்றோ வண்டிகளைத் திருப்பத் தொடங்கினால், மறுநாளே வியாபாரியின் விலை இறங்கிவிடும். அறிவித்த விலை பலகையில் மட்டும் நிற்கும்.

நெல்லுக்குச் செய்யும் இக்காரியத்தையே மத்திய பாங்கு ஒன்று சர்க்கார் கடன் பத்திரத்துக்குச் செய்யுமாயின், அது நீண்ட கால வட்டிக்கு வரம்பு கட்டுவதாகும். நெல்லிலே தாங்குவது விலையை. பத்திரத்திலோ விலையைத் தாங்கினால் வட்டி தானே கட்டுப்படுகிறது. இது எவ்வாறென்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம்.

நூறு ரூபாய்க்கு ஆண்டுதோறும் 3 ரூபாய் வட்டி தந்து, பத்தாம் ஆண்டு முடிவில் முதலைத் திருப்பித் தருவதாகச் சர்க்கார் எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்றுளது என்க. பத்திரத்தில் எழுதிய 3 ரூபாய் மாறுவதில்லை. ஆனால் சந்தையிலே மக்கள் நூற்றுக்கு மூன்றரை வேண்டுமென்று கேட்கத் தொடங்கினால், பழைய பத்திரத்தை நூறு ரூபாய்க்கு எவர் வாங்குவார்? 95 ரூபாய் 84 காசுக்கு இறங்கினாற்றான் வாங்குவோனுக்கு மூன்றரை வீதம் கைக்கு வரும். விலை இறங்கினால் கைவரும் வட்டி ஏறும். விலை ஏறினால் வட்டி இறங்கும். இப்பொழுது மத்திய பாங்கு, ‘இப்பத்திரம் எவ்வளவு வந்தாலும் நூறு ரூபாய்க்கு வாங்குவோம்’ என்று நின்றால், நூற்றுக்குக் குறைவாக விற்க எவருக்கும் மனம் வாராது. கைவரும் வட்டியும் மூன்றுக்குமேற் போகாது. மக்கள் இதை நம்பினால் பாங்கு மிகச் சிறிதளவே வாங்க நேரும். நம்பாவிடின் கொண்டுவந்த பத்திரமனைத்தையும் வாங்கியாக வேண்டும்.

கொள்முதல் நிலையத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நிலையத்திற் பணமும் சாக்கும் கிடங்கும் ஓர் எல்லைக்குட்பட்டவை. மத்திய பாங்குக்கோ பணந் தீர்ந்துபோதல் என்பதில்லை. தான் வாங்கும் பத்திரத்துக்குரிய பணத்தைத் தானே படைத்துக் கொடுக்கிறது. எனவே வரம்பைக் காக்க இயலுமா என்பதில் ஐயமில்லை. காப்பதற்காக வெளிவிட்ட பணம் என்ன செய்யும் என்பதே கேள்வி. இதனை நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றிற் காண்போம்.

1935-ல் தொடங்கப்பெற்ற நம் ரிசர்வ் பாங்கு, அவ்வாண்டு நவம்பரில் தன் பாங்கு வட்டியை 3 சதவிகிதமாக்கிற்று. பதினாறு ஆண்டுகள் அது அசையவில்லை. யுத்தத்துக்கும் அதற்குப் பிந்திய செலவுகளுக்கும் மலிந்த வட்டியிற் கடன் எழுப்புவதே அக்காலக் கொள்கை. 1946-ல் மூன்றரை வட்டிப் பழம் பத்திரங்களைத் தீர்க்க முற்பட்ட சர்க்கார், அவற்றை வைத்திருந்தோர் 3 சதவிகித மாற்றுக் கடன் பத்திரமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்றது. கல்லூரி உபகாரச் சம்பள நிதிகளுக்கும் கோயிற் கட்டளைகளுக்கும் இதன் பொருள் உடனே விளங்கியிருக்கும். அத்தகைய நிதிகள் சர்க்கார் பத்திரத்தில் இடப்படுவதுண்டு. பதினாயிரம் ரூபாய் நிதியொன்று ஆண்டுக்கு 350 ரூபாய் தந்தது போய் 300 ரூபாய் தரலாயிற்று. வட்டி மலிவதால் கடன்படுவோர்க்கு இலாபம் என்பது எவரும் அறிந்ததே. அவ்விலாபம் எவர் பையிலிருந்து வந்தது என்பதைச் சொல்வோர் குறைவு.

இன்ன விலைக்குக் கீழே விடமாட்டோம் என்று ரிசர்வ் பாங்கு அக்காலத்தில் வெளிப்படையாய் அறிவித்ததில்லை. ஆயினும் பாங்குகள் பணத்துக்குப் பத்திரம் விற்க வந்தபோது வாங்கிக்கொள்ளுதல் வழக்கமாய்விட்டது. அவ்வழக்கம் ஆண்டின் பருவத்தோடு இயைந்து நடந்தது. இத்தேயத்தில் விளைபொருள் களத்தினின்றும் சந்தைக்குப் பெயருங் காலம் ஐப்பசி தொடங்கிப் பங்குனிவரை. அதனைப் பாங்குகாரர் மும்முரப் பருவம் என்பர். கும்பகோணத்துப் பாங்கு ஒன்றை உதாரணமாக எண்ணுவோம். தையில் சம்பா வீடு வந்து சேருகிறது. அரிசி ஆலைக்காரரும் மண்டிக்காரரும் கடன் கேட்கின்றனர். (1952-ல் சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாடு நீங்கும்வரை நெல் வாணிகம் கட்டுப்பட்டே யிருந்தது, எனினும் நெல்லை எவர் வாங்கினும் பணம் வேண்டுமன்றோ.) பாங்கின் டிபாசிட்டிற் பெரும்பகுதி சர்க்கார் பத்திரத்தில் முடங்கியிருக்கிறது. அது ஒரு லக்ஷ ரூபாய்ப் பத்திரத்தை விற்கிறது. ரிசர்வ் பாங்கு தாங்கி நிற்பதால் விலை சரிவதில்லை. பெற்ற நோட்டுகள் ஆலைக்காரர் வழியாக மிராசுதாரையும் குத்தகைக்காரரையும் அறுப்புக் கூலியாளையும் சேருகின்றன. வைகாசி ஆனியில் வாணிகம் ஓய்ந்து நோட்டுகள் பாங்குக்குத் திரும்பினால், பாங்கு மறுபடியும் பத்திரம் வாங்கும். ரிசர்வ் பாங்கும் தான் வெளிவிட்ட பணத்தைத் திரும்பப் பெறும். காவிரி ஆடியில் பெருகித் தையில் வடிவது போன்றது இது. இம்மட்டில் தீங்கொன்றுமில்லை.

தீங்கு வந்தது வடியாதபோது. பத்திரத்தை விற்ற பாங்கு அதனை மீட்டு வாங்கியே தீரவேண்டும் என்னும் கடப்பாடு எதுவுமில்லை. விற்றது விற்றதே, அதற்கு வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. 1950 ஜூனில் கொரிய யுத்தம் தொடங்கிச் சரக்கு விலைகள் உலகெங்கும் ஏறியபோது, சரக்கைப் பிடித்து வைத்திருப்பதே இலாபமாயிற்று. வியாபாரி கடனைத் திருப்ப அவசரப்படவில்லை; பாங்கும் அவனை நெருக்கவில்லை. பத்திரம் ரிசர்வ் பாங்கிலும் பணம் ஊரிலுமாகத் தங்கின. வட்டி ஏறாமற் காத்த கையே விலைவாசிக்குத் தீ மூட்டுவதாயிற்று.

ஸர் பெனகல் ராமராவ் கவர்னராயிருந்த 1951 நவம்பரில் இவ்வழக்கம் முடிந்தது. பாங்கு வட்டி 3-லிருந்து மூன்றரையாக்கப்பட்டது. மும்முரப் பருவத் தேவைக்காகச் சாதாரணமாய்ப் பத்திரம் வாங்குவதில்லை யென்றும், பத்திரத்தை ஈடுகாட்டிப் பாங்கு வட்டிக்குக் கடன் பெறலாம் என்றும் ரிசர்வ் பாங்கு அறிவித்தது. இந்த இரண்டாவது பகுதியே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. நம் கும்பகோணத்துப் பாங்கு இனி ஒரு லக்ஷத்தைக் கடனாகவே பெறும். பத்திரத்திலிருந்து அதற்கு வருவது 3. கடனுக்குக் கொடுப்பது மூன்றரை. நான்கு மாதத்துக்கு நட்டம் ஏறக்குறைய 167 ரூபாய். தொகை சிறிதே, ஆயினும் நாள்தோறும் உறுத்துகிற முள் அது. கடன் ஆதலின் தவணையும் உண்டு. பாங்கு ஆலைக்காரரை நெருக்கும். ஆலைக்காரர் அரிசியைச் சந்தைக்கு விடுவார். கடன் வாங்காமல் பத்திரத்தை வெளிச் சந்தையில் விற்கலாமே எனின், வாங்கத் தயாராய் நின்றவர் விலகிவிட்டார். பத்திர விலை சரிந்துவிட்டது. நாம் மேலே கண்ட பத்தாண்டுப் பத்திரமாயின் லக்ஷத்துக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட நட்டம். 167 ரூபாய்க்கும் நாலாயிரத்துக்கும் இடையே எதனைத் தெரிந்தெடுப்பர் என்பது வெளிப்படை. அமெரிக்காவில், 1942 முதல் நீண்ட காலப் பத்திர வட்டியை இரண்டரைக்குள் பிடித்துவைத்திருந்த பெடரல் ரிசர்வும் அதே 1951-ம் ஆண்டு மார்ச்சில் தன் கஜானாவோடு உடன்பாடு செய்துகொண்டு அவ்வேலையை விட்டது.

வரம்பு தளர்கிறது என்பதை அறிவதெங்ஙனம்? தாங்கப்படும் பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புலப்படாது. அதன் அண்டைப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். ஜப்பான் பாங்கு 2016 செப்டம்பர் முதல் பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டியைச் சுழியின் அருகே நிறுத்த முயன்றது. 2022-ல் எட்டு, ஒன்பது ஆண்டுப் பத்திரங்களின் வட்டி பத்தாண்டின் வட்டியினும் மேலேறி நின்றது. நீண்ட தவணைக்குக் குறைந்த வட்டி, குறுகிய தவணைக்கு மிகுந்த வட்டி என்பது இயற்கையான ஏற்றமன்று. ஒரு மடையை மட்டும் அடைத்து வைத்திருப்பதன் அடையாளம். அவ்வாண்டு டிசம்பரில் எல்லையை அரை சதவிகிதத்துக்கு உயர்த்தினார்கள். 2024 மார்ச்சில் முறையையே கைவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் முடிவு இன்னும் விரைவாய் வந்தது. 2024 ஏப்ரலில் முதிரும் பத்திரத்துக்குப் பத்தில் ஒரு சதவிகிதமே வட்டி என்று பிடித்திருந்த ரிசர்வ் பாங்கு, 2021 அக்டோபர்க் கடைசியில் விலைவாசிக் கணக்கு வெளியானபின் வாங்க முன்வரவில்லை. சில நாட்களுக்குள் வட்டி அரை சதவிகிதத்தைக் கடந்தது. நவம்பர் 2-ந் தேதி வரம்பு நீக்கப்பட்டது.

நம் நாட்டிலும் பெருந்தொற்றுக் காலத்தில் பழைய வழக்கம் வேறுருவில் தோன்றிற்று. கவர்னர் சக்திகாந்த தாஸ் 2020 அக்டோபரில், வட்டியின் ஒழுங்கான போக்கு ஒரு பொதுச் சொத்து என்ற கருத்தை வெளியிட்டார். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் ஆண்டுக் கடன் 12 லக்ஷங் கோடி ரூபாயென்று கேட்டுச் சந்தை நடுங்கிற்று. எண் எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆயினும் பத்தாண்டுப் பத்திர ஏலத்தில் உயர்ந்த வட்டி கேட்டவர் மறுக்கப்படுவதையும், விற்பனையாகாத பத்திரம் பிரைமரி டீலர்கள் தலையில் விழுவதையும் கண்டவர்கள், 6 சதவிகிதமே வரம்பு என்று தாமே ஊகித்துக்கொண்டனர். அறிவிக்காத விலைக்குக் கொள்முதல் நிலையம் நடத்துவதை ஒத்தது இது. தாங்குவோனுக்கு வசதி, விற்பவனுக்கோ தினமும் ஒரு புதிர். ஏப்ரலில் ரிசர்வ் பாங்கு ஒருபடி முன்வந்து, மூன்று மாதத்தில் ஒரு லக்ஷங் கோடிக்குப் பத்திரம் வாங்குவதாக முன்கூட்டியே உறுதி சொல்லிற்று. ஏப்ரல் 15-ல் முதற்றவணையாக 25,000 கோடிக்கு வாங்கிற்று. அடுத்த மூன்று மாதத்துக்கு 1.2 லக்ஷங் கோடி. இவ்வாறு தொகைக்கு உறுதி கூறினரேயன்றி விலைக்குக் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விலைக்கு உறுதி கூறியிருந்தால், ஆஸ்திரேலியாவிற்போல ஒருநாள் சொல் தவற நேர்ந்திருக்கும். அவ்வாண்டு அக்டோபர் 8-ந் தேதி அத்திட்டம் நிறுத்தப்பட்டபோது, எந்த எண்ணும் முறிந்ததாக எவராலும் சொல்ல முடியவில்லை. ஆயினும் 2022 ஜூனில் பத்தாண்டு வட்டி ஏழரையை எட்டியது. 2020-ன் கடைசியில் 5.85 வட்டிக்கு எழுதிய பத்திரத்தை நூறு ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருந்தோர்க்கு, அதன் சந்தை விலை தொண்ணூறுக்கும் கீழாயிருந்தது.