இணையக் கடையின் மாத இலாப நட்டக் கணக்கு

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் இறுதிக் கணக்குகளை நடத்தும்போது, மாணவர் வீடுகளிலேயே நடக்கும் இணைய விற்பனையை எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கில் பணம் ஏறினால் இலாபம், இறங்கினால் நட்டம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது சரியா என்று ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் இணையத்தில் சுங்குடிச் சேலை விற்கிறார் எனக் கொள்வோம். முதல் மாதம் 120 சேலைகளை, ஒன்று ரூ.350 வீதம், ரூ.42,000-க்கு வாங்குகிறார். ரூ.600 விலையில் 100 சேலைகளை அனுப்புகிறார். 20 திரும்பி வருகின்றன. கைப்பேசித் திரையில் விற்பனை ரூ.60,000 என்று தெரியலாம். ஆனால் விற்பனைத் திருப்பம் ரூ.12,000-ஐக் கழித்தால் நிகர விற்பனை ரூ.48,000தான்.

அடுத்தது சரக்கு. மாணவர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கொள்முதல் முழுவதையும் செலவாக எழுதிவிடுவார்கள். கையில் 40 சேலைகள் உள்ளன. அவற்றுள் திரும்பி வந்த 3 கறைபட்டு, விற்கவே முடியாதவை. மீதி 37-இன் அடக்க விலை ரூ.12,950, இதுவே இறுதிச் சரக்கிருப்பு. விற்ற சரக்கின் அடக்கம் 42,000 - 12,950 = ரூ.29,050. கெட்டுப்போன மூன்றின் நட்டமும் இதற்குள் வந்துவிடுகிறது. மொத்த இலாபம் ரூ.18,950.

இனிச் செலவுகள். விற்பனைத் தளத்தின் கமிஷன் ரூ.4,800, கூரியர் 100-க்கு ரூ.6,000, திரும்பி வந்த 20-க்கு ரூ.1,200, உறையும் அட்டைப்பெட்டியும் ரூ.1,000, விளம்பரம் ரூ.4,500, இணையக் கட்டணம் ரூ.500. ஆக ரூ.18,000. நிகர இலாபம் ரூ.950. (ஜி.எஸ்.டி. இங்கே சேர்க்கப்படவில்லை.)

எல்லாப் பணமும் அம்மாதமே வந்து சேர்ந்திருந்தாலும், வரவு 48,000, செலுத்தியது 60,000. வங்கி இருப்பு ரூ.12,000 குறைந்திருக்கும், ஆனாலும் நட்டமில்லை. அந்த வித்தியாசம் அலமாரியில் சேலையாக இருக்கிறது.

திரும்பி வந்த ஒவ்வொரு சேலைக்கும் போகக் கூரியர் 60, வரக் கூரியர் 60, உறை 10 என ரூ.130 வீண். நிறம், நீளம் பற்றிய விவரத்தைத் தெளிவாகப் போட்டு, நல்ல நிலையில் திரும்பியவற்றுள் பத்து திரும்பாமல் இருந்திருந்தால் இலாபம் எவ்வளவு? மாணவரே கணக்கிடட்டும். ஒவ்வொன்றிலும் அடக்கமும் பத்து விழுக்காடு கமிஷனும் போக ரூ.190 கூடும், வரும் கூரியர் ரூ.60 மிஞ்சும். பத்துக்கும் ரூ.2,500 சேர்ந்து, இலாபம் ரூ.3,450 ஆகும்.

உரிமையாளரின் உழைப்பு இக்கணக்கில் எங்கும் இல்லை. ஒரு பொதிக்கு 20 நிமிடம் என்றால் நூறுக்கு ஏறத்தாழ 33 மணி நேரம். ரூ.950-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு ரூ.29 கூட வரவில்லை. வகுப்பில் விவாதம் எழுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

அடுத்த மாதம் எதையும் வாங்காமல் இந்த 37 சேலைகளை மட்டும் அவர் விற்றால் வங்கி இருப்பு விறுவிறுவென உயரும். அம்மாதக் கணக்கின் முதல் வரியில் தொடக்கச் சரக்கிருப்பு ரூ.12,950 என்று எழுதிய பிறகே இலாபத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள்.