மும்முனைச் சுற்றை ஒருமுனையாகச் சுருக்கும்போது

மூன்று முனைகளிலும் மின்னழுத்தமும் சுமையும் சமமாக உள்ள சமநிலைச் சுற்றில், மூன்று மின்னோட்டங்களின் கூடுதல் எக்கணமும் சுழியாவதால், மின்மூலத்தின் நடுப்புள்ளியும் ஸ்டார் சுமையின் நடுப்புள்ளியும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. ஆகவே, நியூட்ரல் கம்பி இல்லாத இடத்திலும் அவ்விரு புள்ளிகளையும் இம்பிடன்ஸ் இல்லாத ஒரு கற்பனைக் கம்பியால் இணைத்து, ஒரு முனையை மட்டும் தனிச் சுற்றாகத் தீர்க்கலாம். இம்பிடன்ஸ் என்பது மின்தடையும், மாறுமின்னோட்டத்துக்குக் காந்தப்புலத்தாலோ மின்புலத்தாலோ எழும் எதிர்ப்பாகிய ரியாக்டன்சும் சேர்ந்த மொத்தத் தடுப்பாகும்.

415 வோல்ட் மின்மூலம், ஒவ்வொரு கம்பியிலும் 0.6 + j0.2 ஓம் உள்ள வழங்கு கம்பித்தடம், டெல்டாவாக இணைத்த, பக்கத்துக்கு 24 + j18 ஓம் உள்ள சுமை ஆகியவை கொண்ட சுற்றை எடுத்துக்கொண்டால், முதல் வேலை டெல்டாவை ஸ்டாராக மாற்றுவதே. கம்பியின் மின்னோட்டம் டெல்டாவின் முனையில் இரு பக்கங்களாகப் பிரிவதால், கம்பியின் இம்பிடன்சை டெல்டாப் பக்கத்தோடு நேரே கூட்ட இயலாது. சமநிலைச் சுமையில் டெல்டா மதிப்பை மூன்றால் வகுக்க, முனைக்கு 8 + j6 ஓம் கிடைக்கிறது.

மின்மூலத்தின் முனை மின்னழுத்தம் 415/√3 = 239.6 வோல்ட். தடமும் சுமையும் தொடராக அமைவதால் மொத்தம் 8.6 + j6.2 ஓம், அதன் அளவு 10.60 ஓம், எனவே கம்பி மின்னோட்டம் 22.6 ஆம்பியர். இதை 10 ஓம் அளவுள்ள ஸ்டார் சுமையால் பெருக்கினால் சுமையில் முனைக்கு 226 வோல்ட்டும், √3ஆல் பெருக்கினால் கம்பிகளுக்கிடையே 391.4 வோல்ட்டும் வருகின்றன. தடத்தின் மின்னழுத்த வீழ்ச்சி 14.3 வோல்ட் என்றாலும் அதை 239.6இலிருந்து நேரே கழித்தால் 225.3 என்ற தவறான விடை வருவதற்குக் காரணம், தடத்தின் கோணமும் சுமையின் கோணமும் வேறுபடுவதே; கழித்தலைச் சிக்கலெண்களில்தான் செய்ய வேண்டும்.

உண்மையான டெல்டாவுக்குத் திரும்பும்போது, பக்க மின்னோட்டம் 22.6/√3 = 13.05 ஆம்பியர் என்பதும், 391.4 வோல்ட்டைப் பக்கத்தின் 30 ஓமால் வகுத்தாலும் அதே மதிப்பு வருவதும் கணக்கின் முதற் சரிபார்ப்பாகும். டெல்டாவை மாற்றாமல் கம்பியோடு கூட்டியிருந்தால் கம்பி மின்னோட்டம் 7.8 ஆம்பியர் என ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து பிழையைக் காட்டிவிடும்.

இரண்டாவது சரிபார்ப்பு மின்திறன். சுமை பெறும் 3I²R = 12.26 கிலோவாட்டையும் தடத்தில் வெப்பமாகும் 0.92 கிலோவாட்டையும் கூட்ட, மின்மூலம் தரும் 13.18 கிலோவாட் கிடைக்க வேண்டும். ஒரு முனையில் கண்ட திறனை மூன்றால் பெருக்க மறப்பது இங்கு அடிக்கடி நேரும் பிழை. ஒரு முனையின் சுமை மட்டும் மாறினால் நடுப்புள்ளிகள் சம அழுத்தத்தில் இரா. அப்போது இம்முறையை விட்டுவிட்டு மூன்று முனைகளையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.