ரேண்டம் பிட் கேள்வி வந்தால் முந்திக்கொள்ளுங்கள்

எம்பெடட் செக்யூரிட்டி வேலைக்கு இன்டர்வியூ. "இந்த போர்டில் கீ உருவாக்க ரேண்டம் பிட் எங்கே எடுப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். எதனோடும் இணைக்காத ஏடிசி பின்னைப் படித்து, கடைசி பிட்டைச் சேர்த்து, எஸ்எச்ஏ-256-ல் போடுவேன் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி பதில். மீதிப் பாதியை நீங்கள் சொல்லுங்கள்.

1. முதலில் மூல பிட்டின் குறையைக் காட்டுங்கள். அந்தப் பின் ஆன்டெனா மாதிரி சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலைப் பிடிக்கும். நொடிக்கு 1000 முறை படித்தால், 20 சாம்பிளுக்கு ஒருமுறை அதே அலை திரும்ப வரும். பிட்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும். 1 அதிகமாகவும் வரலாம். 01 வந்தால் 0, 10 வந்தால் 1 என்று எடுக்கும் வான் நாய்மன் முறை (1951) இங்கே போதாது. அது ஒருபக்கச் சாய்வைத்தான் நீக்கும், அதுவும் பிட்டுகள் தனித்தனியாக இருந்தால் மட்டும்.

2. அடுத்தது கணக்கு. போட்டியாளர்கள் கோட்டைவிடும் இடம் இது. 75 சதவீதம் 1 வந்தால், சார்பே இல்லாவிட்டாலும் ஒரு பிட்டின் மின்-என்ட்ரபி 0.415 தான். சார்பையும் சேர்த்துப் பார்க்க, பத்து லட்சம் மூல சாம்பிளை, ஒரு பைட்டுக்கு ஒரு சாம்பிள் வீதம் ஃபைலில் வைத்து, அமெரிக்காவின் நிஸ்ட் டூலை ஓட்டுங்கள்:

```
ea_non_iid raw.bin 1
```

விடை 0.2 என்று வைத்துக்கொள்வோம். வெறும் 256 மூல பிட்டை ஹாஷ் செய்தால் உள்ளே இருப்பது 51 பிட் என்ட்ரபி. வெளியே வருவது 256 பிட் நீளம். பார்க்க அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஆனால் தாக்குபவர் சுமார் 2^51 உள்ளீடுகளை முயன்றால் போதும். ஹாஷ் என்ட்ரபியை உண்டாக்காது, சிதறிக் கிடப்பதைத் திரட்டித் தரும், அவ்வளவுதான். நிஸ்டின் எஸ்பி 800-90சி ஆவணம் முழு என்ட்ரபிக்கு 64 பிட் கூடுதலாகக் கேட்கிறது: 256 + 64 = 320. அதை 0.2-ஆல் வகுத்தால் 1600 மூல பிட். இந்த எண்ணை ஒயிட்போர்டில் எழுதிக் காட்டுங்கள்.

3. "சென்சார் செத்துப்போனால்?" என்பது அடுத்த கேள்வியாக வரலாம். வெறும் பூஜ்யங்களோடு ஒரு கவுன்ட்டரைச் சேர்த்து ஹாஷ் செய்தாலும், வெளிவரும் பிட்டுகள் எல்லாப் புள்ளியியல் சோதனையையும் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதனால் சோதனை ஹாஷுக்கு முன்னால், மூல பிட்டில் ஓட வேண்டும். தவறான அலாரம் 2^20-ல் ஒன்று போதும் என்றால், ரிபிடிஷன் கவுன்ட் சோதனையின் எல்லை 1 + 20/0.2 = 101. ஒரே பிட் தொடர்ந்து 101 முறை வந்தால் கீ உருவாக்கத்தை நிறுத்திவிட வேண்டும். 50 ஹெர்ட்ஸ் அலை மட்டும் மிஞ்சி 0, 1 மாறி மாறி வந்தால் இந்தச் சோதனை ஏமாந்துபோகும் என்பதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அந்த போர்டுக்கு 20 சாம்பிள் தள்ளி ஒப்பிடும் தனிச் சோதனையும் தேவை.