குறித்த காலப் பணி: புதுப்பிப்புக் கடிதத்தில் இருக்க வேண்டியவை

குறித்த காலப் பணியாளரின் ஒப்பந்தம் முடிந்து பணி முடிவடைவது, தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி ஆட்குறைப்பு ஆகாது. அதற்கான இழப்பீடும் கிடையாது. எனவே புதுப்பிப்புக் கடிதத்தில் முடிவுத் தேதி ஐயமின்றி இருத்தல் வேண்டும். தேதி கடந்தும் கடிதமின்றிப் பணி தொடருமானால், தொடர்ந்தது பழைய ஒப்பந்தமா, புதியதா என்ற வழக்கு எழுவது இயல்பே.

ஐதராபாத்தின் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஒருவர் 1-1-2026 முதல் ஓராண்டுக்கு மாதம் 26,000 ரூபாய் ஊதியத்தில் அமர்த்தப்பட்டார் எனக் கொள்ளலாம். மறு ஆண்டுக்கு ஊதியம் 28,600 ரூபாய். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, இத்தகையோர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை பெறுவர். ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம். மாதத்தை 26 நாளாகக் கொண்டு, இறுதியாகப் பெற்ற ஊதியத்தின் மீது அது கணக்கிடப்படும்.

‘பணி இடைவெளியின்றித் தொடர்கிறது’ என்று கடிதம் கூறினால், ஈராண்டு முடிவில் கிடைப்பது 33,000 ரூபாய். ‘புதிய நியமனம்’ என்று கூறி முதலாண்டுக் கணக்கு முடிக்கப்பட்டால், 15,000, 16,500 என இரு தவணையாக 31,500 ரூபாயே கிடைக்கும். ஒரு சொற்றொடரின் விலை 1,500 ரூபாய். ஊதியமும் ஆண்டுகளும் கூடக்கூட அது வளரும்.

‘இதர நிபந்தனைகள் முன்போலவே’ என்ற வாசகமும் தொல்லை தருவதே. பணிமுறை நேரமோ விடுப்போ மாறியிருப்பின், பழையதையும் புதியதையும் அருகருகே எழுதி, மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதியைக் குறித்து, பழைய ஒப்பந்தம் முடியுமுன்பே பணியாளரிடம் கையொப்பம் பெறுதல் வேண்டும்.